ஆறாம் நம்பர்

ஆள் மாறும்போது பூட்ஸும் மாறும். முல்லை நகர் கிரவுண்டில் விக்கியின் ஃபுட்பால் டீமுக்கு அதுதான் வழக்கம். செல்வம் அண்ணா கோட்டுக்கு வெளியே நின்று கையைத் தூக்குவார். உள்ளே ஆடிக்கொண்டிருப்பவன் ஓடி வந்து மண்ணில் உட்கார்ந்து லேஸை அவிழ்ப்பான். காத்திருப்பவன் அதே சூட்டோடு, அதே வேர்வையோடு காலை உள்ளே நுழைத்துக்கொண்டு ஓடுவான். பதினாறு பையன்கள், பதினோரு ஜோடி. வியாசர்பாடியைக் குட்டி பிரேசில் என்று சொல்கிறார்கள். சென்னையின் எஃப்.சி.க்கு ஆடிய தனபால் கணேஷ் இந்த ஏரியாக்காரர்தான். ஆனால் பேர் இருக்கிற அளவுக்கு இங்கே பூட்ஸ் இருந்ததில்லை.

விக்கிக்கும் தில்லிக்கும் சேர்த்து ஒரு ஜோடி. இரண்டு பேரும் ரைட் விங். ஏரியாவில் பெரிய அண்ணன் ஒருவர் வேலைக்குப் போன பிறகு விட்டுவிட்டுப் போன ஏழாம் நம்பர் பூட்ஸ் அது. முன்பக்கம் பழைய பனியன் துணியைச் சுருட்டித் திணித்துக்கொள்வார்கள். முதல் பத்து நிமிடம் பரவாயில்லை. ஓட ஓடத் துணி நசுங்கி ஒரு மூலைக்குப் போய்விடும். அப்புறம் உள்ளே கால் தனியாக, வெளியே பூட்ஸ் தனியாக.

2022 ஜூனில் ஒரு மாட்ச். இடது பக்கமிருந்து வந்த கிராஸ் நேராக விக்கியின் வலது காலுக்குத்தான் வந்தது. கோல்கீப்பர் அந்தப் பக்கம் விழுந்து கிடந்தான். விக்கி அடித்தான். கால் உள்ளுக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றியது. பந்து இரண்டு அடி உருண்டு டிஃபெண்டர் காலில் போய் நின்றது. மாட்ச் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று போய்விட்டது.

"வெறுங்காலோட அடிச்சிருந்தா உள்ள போயிருக்கும்ணா" என்றான் விக்கி.

செல்வம் அண்ணா வெல்டிங் பட்டறையில் வேலை பார்ப்பவர். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் பையன்களுக்குக் கோச். அவர் திட்டவில்லை. "1948ல லண்டன் ஒலிம்பிக்ல நம்ம டீம்ல நிறைய பேரு வெறுங்கால்லதான் ஆடுனாங்க. ஃபிரான்ஸுகிட்ட ரெண்டுக்கு ஒண்ணுல தோத்தாங்க. பெரிய ஆளுங்கடா அவங்க. ஆனா இப்ப பூட்ஸ் இல்லன்னா ரெஃப்ரீ உள்ளயே விடமாட்டான். உன் காலுக்குன்னு ஒண்ணு வாங்கு. அடுத்தவன் காலுக்குப் பழகுன பூட்ஸு உன் பேச்சக் கேக்காது."

அன்று ராத்திரி விக்கி தினசரித் தாள் ஒன்றைத் தரையில் விரித்து, வலது காலை அதன்மேல் வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்தான். குதிகாலிலிருந்து கட்டை விரல் வரைக்கும். கத்தரியால் வெட்டி எடுத்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியமேட்டுக்குப் போனான். நேரு ஸ்டேடியம் பக்கம் வரிசையாக ஸ்போர்ட்ஸ் கடைகள். கடைக்காரர் தாளை வாங்கி ஒரு பூட்ஸின் அடியில் வைத்துப் பார்த்தார்.

"அஞ்சு. எண்ணூத்தம்பது."

கறுப்பு பூட்ஸ், பக்கத்தில் ஆரஞ்சுக் கோடு. விக்கி அதைத் தொடவில்லை. தொட்டால் விலை கேட்டுவிட்டு வாங்காமல் போகிறவன் ஆகிவிடுவோம் என்று நினைத்தான். பார்த்துவிட்டு மட்டும் வந்தான்.

ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடியில் சரோஜா ஆயா இருக்கிறது. முட்டி வலி, படி இறங்க முடியாது. மெட்ரோ வாட்டர் லாரி ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். லாரி ஹாரன் கேட்டதும் விக்கி கீழே ஓடி வரிசையில் ஆயாவின் நான்கு குடத்தை வைத்துவிடுவான். குடத்துக்கு மூன்று ரூபாய். ஐம்பத்துநான்கு படி. முதல் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறலாம். நான்காவது குடத்துக்கு இடுப்புதான் சரி. இரண்டாவது மாடித் திருப்பத்தில் தண்ணீர் தளும்பிச் சட்டையை நனைக்கும். பன்னிரண்டு ரூபாய் கையில் வந்ததும் இரண்டு ரூபாயை எடுத்து வைத்துக்கொண்டு பத்து ரூபாயை மண் உண்டியலில் போடுவான்.

அம்மா முக்கில் ராத்திரி டிபன் கடை போட்டிருந்தாள். உண்டியல் விஷயம் தெரியும். "ஏன்டா, ரெண்டு நம்பர் பெருசா வாங்கு. வளர்ற கால். ஸ்கூல் ஷூ அப்பிடித்தான வாங்கறோம்?" என்றாள் ஒருநாள், சட்னி அரைத்துக்கொண்டே.

"பெருசா இருக்கறதாலதாம்மா நான் கோல விட்டேன்."

அம்மாவுக்கு அது புரிந்ததா தெரியாது. அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் கடை மூடும்போது கல்லாவிலிருந்து சில்லறையாக மிஞ்சும் ஒற்றை ரூபாய்களைச் சில நாள் உண்டியல் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள். கேட்டால் "கீழ கெடந்துச்சு" என்பாள்.

தீபாவளிக்கு மாமா கொடுத்த நூறு ரூபாயும் உள்ளே போனது. நவம்பரில் மழை. தெருவில் முட்டிக்குக் கீழே தண்ணீர் நின்றது. லாரி வராத நாளில் பத்து ரூபாய் கிடையாது. வேறு மாதிரிச் செலவும் வந்தது. உலகக் கோப்பை ஆரம்பித்ததும் தெருவே நீலமும் வெள்ளையும் மஞ்சளுமாக மாறிவிட்டது. இருநூறு ரூபாய்க்கு மெஸ்ஸி பத்தாம் நம்பர் ஜெர்ஸி. தில்லி வாங்கினான். டீமில் முக்கால்வாசிப் பேர் வாங்கினார்கள். டிசம்பர் 18 ராத்திரி ஸ்கிரீன் கட்டி ஃபைனல் போட்டபோது, மூன்றுக்கு மூன்று ஆகி பெனால்ட்டிக்குப் போனபோது, விக்கி ஸ்கூல் சட்டையோடு கூட்டத்தின் நடுவில் நின்று மற்ற எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தினான். மெஸ்ஸி பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடந்தபோது மட்டும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தான்.

கிறிஸ்துமஸ் லீவில் உண்டியலை உடைத்தான். எண்ணூற்று எழுபத்திரண்டு ரூபாய். வியாசர்பாடி ஜீவாவில் ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜ் தாண்டி சென்ட்ரல். செல்வம் அண்ணாவும் கூட வந்தார். மஞ்சப்பையில் சில்லறை கனத்தது.

கடைக்காரருக்கு விக்கியை ஞாபகம் இல்லை. அவர் முதலில் கேட்டது சைஸை இல்லை, "எந்த கிரவுண்டு?" என்று.

"முல்லை நகர்."

"மண்ணு. கல்லு வேற இருக்கும். அப்ப நீட்டு ஸ்டட் வேணாம், ஒரே வாரத்துல பாதம் செத்துரும். குட்டை குட்டையா ரப்பர் ஸ்டட் நெறைய இருக்கணும்." அவர் எடுத்துப் போட்டது அதே பூட்ஸ்தான். கறுப்பு, ஆரஞ்சுக் கோடு. ஐந்தாம் நம்பர்.

விக்கி காலை விட்டான். போகவில்லை. லேஸை முழுவதும் தளர்த்திவிட்டு மறுபடி விட்டான். குதிகால் இறங்கியது. விரல்கள் உள்ளே மடங்கின.

"எப்பிடி இருக்கு?" என்றார் அண்ணா.

"சரியா இருக்குண்ணா."

அண்ணா குனிந்து பூட்ஸின் முனையைக் கட்டை விரலால் அழுத்தினார். விக்கி உதட்டைக் கடித்துக்கொண்டதை அவர் பார்த்துவிட்டார்.

விக்கி பாக்கெட்டிலிருந்து அந்தத் தாளை எடுத்தான். ஜூனில் வெட்டிய தாள், மடித்து மடித்து மடிப்பில் கிழிந்திருந்தது. கடைத் தரையில் வைத்து அதன்மேல் நின்றான். பெருவிரல் நகம் முழுக்கத் தாளுக்கு வெளியே இருந்தது. ஆறு மாதம் தண்ணீர் தூக்கிய கால், அவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வளர்ந்துவிட்டிருந்தது.

"ஆறு குடுங்க" என்றார் அண்ணா.

"அஞ்சு வரைக்கும் சின்னப் பசங்க ரேட்டு. ஆறுல இருந்து பெரியவங்க சைஸு. ஆயிரத்து நூத்தம்பது."

அண்ணாவின் கை சட்டைப் பாக்கெட்டுக்குப் போனது. விக்கி தலையை ஆட்டினான். அண்ணாவுக்கு அந்த வாரம் பட்டறையில் வேலை இல்லை என்பது அவனுக்குத் தெரியும். "வேணாம்ணா. ரெண்டு மாசத்துல வரேன்." ஐந்தாம் நம்பரைக் கழற்றி, இரண்டு லேஸையும் உள்ளே சுருட்டி வைத்து, கடைக்காரர் கையில் கொடுத்தான். திரும்பி வரும் ரயிலில் அவன் கதவோரம் நின்றுகொண்டு ஒன்றுமே பேசவில்லை. அண்ணாவும் பேச வைக்கவில்லை. அது நல்லது. சில நேரம் ஆறுதல் சொல்ல வருகிறவர்கள்தான் அழ வைத்துவிடுகிறார்கள்.

ஜனவரியிலிருந்து மாதத்தில் இரண்டு தடவை காலை அளந்தான். புதுத் தாள், புதுக் கோடு. ஒவ்வொரு தடவையும் பென்சிலைச் சுற்றும்போது பயம். ஏழு ஆகிவிட்டால்? சரோஜா ஆயா விஷயம் கேள்விப்பட்டு, இரண்டாவது மாடிக் குடும்பம் ஒன்றுக்கும் தண்ணீர் எடுத்துவர ஏற்பாடு செய்து கொடுத்தது. "கால் வளந்தா வளரட்டும்டா கண்ணு, நீ குடத்தத் தூக்கு" என்றது.

பிப்ரவரி மூன்றாவது ஞாயிறு. ஆறாம் நம்பர். கால் உள்ளே போனது. அண்ணா முனையை அழுத்தினார். விரலுக்கும் முனைக்கும் நடுவில் கொஞ்சம்தான் இடம். விக்கி கடைக்குள்ளேயே இரண்டு தடவை குதித்தான். கடைக்காரர் சிரித்தார். பூட்ஸ் காலோடு சேர்ந்து எழுந்து, காலோடு சேர்ந்து இறங்கியது. இத்தனை நாளில் அப்படி ஒன்று நடக்கும் என்றே அவனுக்குத் தெரியாது.

ஆனால் முதல் வாரம் மோசமாகப் போனது. டிரிப்ளிங்கில் பந்து எங்கே பட்டது என்றே தெரியவில்லை. பாதி வருஷம் வெறுங்காலிலும் மீதி வருஷம் ஏழாம் நம்பரிலும் பழகியவனுக்குப் புதுத் தோல் ஒரு சுவர் மாதிரி இருந்தது. குதிகாலில் தோல் உரிந்தது. ஒருநாள் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலில் ஆடப் போனான். அண்ணா எடுத்துவந்து அவன் முன்னால் போட்டார். "போட்டுக்கினே ஆடு. அதுக்கும் உன்னத் தெரியணும் இல்ல?" ராத்திரி அம்மா குதிகாலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவினாள். ஈரத்துணியால் மண்ணைத் துடைத்து, வெயிலில் வைக்காமல் நிழலில் காயவைத்தான். உள்ளே தாள் சுருட்டி அடைத்தான். அளந்த தாள்கள்தான், இனி எதற்கு அவை.

மார்ச்சில் அடுத்த மாட்ச். இரண்டாவது பாதியில் வலது ஓரமாக ஓடி, உள்ளே வெட்டி, விக்கி அடித்த பந்து போஸ்ட்டில் பட்டு வெளியே போனது. கோல் இல்லை. ஆனால் அடித்த இடத்திலிருந்து போஸ்ட் வரைக்கும் பந்து எந்தக் கோட்டில் போகும் என்று அடிக்கும்போதே அவனுக்குத் தெரிந்திருந்தது. வலையில் விழுவதைவிட அதுதான் அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அண்ணா கையைத் தூக்கினார். விக்கி ஓடி வந்து கோட்டுக்கு வெளியே மண்ணில் உட்கார்ந்தான். வலது காலை மடியில் தூக்கி வைத்து, அவசர அவசரமாக லேஸை அவிழ்க்க ஆரம்பித்தான். முதல் முடிச்சு வந்துவிட்டது.

"என்னடா பண்ற?" என்றது மேலிருந்து ஒரு குரல்.

தில்லி நின்றுகொண்டிருந்தான். காலில் அந்தப் பழைய ஏழாம் நம்பர், பனியன் துணி புதிதாகத் திணித்து, லேஸை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கி. விக்கியின் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அவன் உள்ளே ஓடினான்.

விக்கி அவிழ்த்த லேஸைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். அப்புறம் மறுபடி கட்டிக்கொண்டான்.