மூன்று இடத்தில் ஒரே ஓடிடி

நான் பி.காம் மூன்றாம் வருடம். வீட்டில் இதற்கு ஒரே அர்த்தம்தான், எந்தப் பில் வந்தாலும் என்னிடம் நீட்டுவார்கள்.

கோவையில் வேலைக்குப் போனதிலிருந்து வீட்டு நான்கு சிம்முக்கும், கரூர் வீட்டு ஃபைபருக்கும் அக்காதான் கட்டுகிறாள். அப்பாவுக்கு மகள் காசில் போன் பேசுவது ஒப்பாது, அதனால் மாதக் கடைசியில் பாதியை அனுப்பிவிடுவார். அந்தப் பாதி எவ்வளவு என்று கணக்குப் போடுவது என் வேலை. எப்போதும் மொத்தத்தை இரண்டால் வகுத்து அனுப்பிவிடுவேன். ஆகஸ்ட் 23, சனிக்கிழமை, மழையால் வெளியே போக முடியவில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பில்லை முதல் வரியிலிருந்து படித்தேன்.

ஃபைபர் 999 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 1178.82. கூடவே வரும் சலுகைகளில், வீட்டு டிவியில் அம்மா பார்க்கும் ஓடிடியின் பெயர் இருந்தது. சரி. அடுத்து மொபைல் பில், குடும்ப பிளான் 1049, வரியோடு 1237.82. அதிலும் அதே ஓடிடி. மேலே போய் மறுபடி பார்த்தேன், அதேதான்.

அக்காவுக்குப் போன் போட்டேன். "மொபைல்ல வர்றது என் நம்பர்ல இருக்குடா, போன்ல மட்டும்தான் ஓடும், டிவில வராது. பஸ்ல அதுலதான் பார்ப்பேன். ஃபைபர்ல வர்றதா? அதை யாரும் ஆக்டிவேட்டே பண்ணலையே."

அப்படியென்றால் ஹாலில் அம்மா தினமும் விட்டுப்போன எபிசோடு பார்க்கிறாரே, அது எந்தக் கணக்கில் ஓடுகிறது?

டிவியில் புரொஃபைலுக்குள் போய்ப் பார்த்தேன். அப்பா நம்பரின் கடைசி நான்கு எண்கள். சத்தியமாக அந்த நிமிடம் வரை அக்காவைத்தான் சந்தேகப்பட்டேன். அப்பாவின் போனை வாங்கி யுபிஐ செயலியில் ஆட்டோபே பகுதியைத் திறந்தால், மாதம் 299, தொடங்கிய நாள் 29 ஜூன் 2024.

தேதியைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. பார்படாஸில் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் ஆடிய டி20 உலகக் கோப்பை ஃபைனல். அன்று பார்த்து எங்கள் தெருவில் கேபிள் போய்விட்டது. டிவி திரையில் வந்த க்யூஆரை அப்பாவின் போனில் ஸ்கேன் பண்ணி, "அப்பா, பின் போடுங்க, ஒரு மாசத்துக்குத்தான்" என்று அவசரப்படுத்தியது நான்தான். ஏழு ரன் வித்தியாசத்தில் ஜெயித்த சந்தோஷத்தில் அதை நிறுத்த வேண்டும் என்பதே மறந்துபோனது.

பதினான்கு மாதம். 14 பெருக்கல் 299, 4186 ரூபாய்.

பணம் எடுப்பதற்கு ஒரு நாள் முன்பே தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதன்படி தகவல் வந்துதான் இருக்கிறது, ஒவ்வொரு மாதமும், ஆங்கிலத்தில், நகைக்கடை விளம்பரத்துக்கும் கடன் வேண்டுமா என்ற மெசேஜுக்கும் நடுவில். அப்பாவின் இன்பாக்ஸில் படிக்காதவை மட்டும் ஆறாயிரத்துச் சொச்சம்.

சொல்லாமல் நிறுத்திவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ரத்து செய்யப் போனால் யுபிஐ பின் கேட்டது. அப்பாவிடம் நீட்டினேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, நான் பார்த்துவிடாதபடி உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார். அவர் பெற்ற பிள்ளை நான், பக்கத்தில் நிற்கிறேன். ஆனால் அந்த 4186-க்குப் பிறகு அதில் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை?

"என்னடா இது?"

சொன்னேன். அவர் திட்டவில்லை. "அன்னைக்கு மேட்ச் நானும்தான் பார்த்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அப்புறம் ஃபைபரோடு வரும் பிளானை டிவியில் போட உட்கார்ந்தேன். பழைய கணக்கிலிருந்து வெளியே வந்து, ஃபைபர் பதிவான நம்பரைக் கொடுத்தால் ஓடிபி அதற்குத்தான் போகும். அது அக்கா நம்பர். போன் போட்டால் எடுக்கவில்லை. அம்மா சோபாவில் மொச்சைக் கொட்டை உரித்துக்கொண்டே திரையில் நின்ற லாகின் பக்கத்தைப் பார்த்தார்.

"நல்லாத்தானே ஓடிட்டு இருந்துச்சு கண்ணு, எதுக்கு அதை நோண்டுற?"

நான்காவது முறைதான் அக்கா எடுத்தாள். ஓடிபியைச் சொல்லிவிட்டு, "இந்த மாசம் பாதிக் கணக்கு போட்டியா?" என்றாள். ஷீட்டைத் திறந்தேன். அதில் அப்பாவுக்கு ஒரு வரிசை, அக்காவுக்கு ஒரு வரிசை, இரண்டுதான் இருந்தன. பக்கத்தில் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்து என் பெயரை அடித்து, கீழே 4186 என்று போட்டேன். அதற்குள் டிவியில் அம்மாவின் சீரியல் பாட்டு ஆரம்பித்துவிட்டது.