தரங்கம்பாடிக் கோட்டை முன் ஓர் அறிமுகம்: ஜெர்மனியின் ஹாலே நகரத்து விருந்தினருக்கு

(மொழிபெயர்க்க வரும் அம்மாவுக்கு: முன்கூட்டியே படித்துவிடுங்கள். ஒவ்வொரு வரியும் ஒரு மூச்சு. வரி முடிந்ததும் நான் வாயை மூடிக்கொள்வேன். நீங்கள் ஜெர்மனில் சொல்லி முடித்து என்னைப் பார்த்தால்தான் அடுத்த வரி. ஜெர்மனிலும் வினைச்சொல் பல வேளை கடைசியில் போய் உட்காரும் என்று நேற்று தொலைபேசியில் சொன்னீர்கள். அதனால்தான் எல்லாவற்றையும் நறுக்கிவிட்டேன். முப்பத்தைந்து வருடம் வகுப்பில் நீட்டி முழக்கியவனுக்கு இது எளிதாக வரவில்லை. ‘நிறுத்தம்’ என்று எழுதியிருக்கும் இடத்தில் நாம் இருவருமே பேசக் கூடாது. பழமொழி, சிலேடை எல்லாம் எடுத்துவிட்டேன். ஆண்டுகளை மெதுவாகச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். கோட்டை அருங்காட்சியகம் இன்னும் திறந்திருக்காது. வாசலுக்கு வெளியே, கடலைப் பார்த்த மைதானத்தில்தான் நிற்போம். வெயில் ஏறுவதற்குள் அரை மணியில் முடித்துவிடலாம்.)

வணக்கம்.

நான் இந்த ஊர்க்காரன்.

தமிழாசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்.

உங்கள் மொழி எனக்குத் தெரியாது.

உங்களில் யாருக்கும் என் மொழி தெரியாது.

ஆகவே நடுவில் இவர் நிற்கிறார்.

நான் ஒன்று சொல்வேன், இவர் ஒன்று சொல்வார்.

இரண்டும் ஒன்றுதான் என்று நாம் நம்ப வேண்டும்.

(சிரிப்பு வந்தால் இரண்டு தவணையாக வரும். நம் பக்கத்து ஆட்கள் முதலில் சிரிப்பார்கள். காத்திருங்கள்.)

கொஞ்ச நேரம் கடலைக் கேளுங்கள்.

(நிறுத்தம். மூன்று அலை உடையும் வரை.)

இந்த ஊரின் பெயர் தரங்கம்பாடி.

தரங்கம் என்றால் அலை.

உங்கள் ஆவணங்களில் இதே ஊர் ‘திராங்கேபார்’.

பெயரை உச்சரிக்க வரவில்லை, வந்த மாதிரி எழுதிக்கொண்டார்கள்.

நாங்களும் அப்படித்தான்.

உங்கள் ஊர் ‘ஹாலே’யை நான் சரியாகச் சொல்கிறேனா?

(நிறுத்தம். அவர்கள் திருத்துவார்கள். நான் ஒருமுறை திருப்பிச் சொல்வேன்.)

இடது பக்கம் ஒரு கோயில் தெரிகிறது.

அது மாசிலாமணிநாதர் கோயில்.

பாண்டிய மன்னன் குலசேகரன் காலத்தது.

முன் பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது.

என் தாத்தா சின்ன வயதில் பார்த்த சுவர் ஒன்றை நான் பார்த்ததில்லை.

எதிரில் இருப்பது டேனிஷ் கோட்டை.

இதன் கதை 1620-ல் தொடங்குகிறது.

தஞ்சாவூரில் அப்போது இரகுநாத நாயக்கர் ஆட்சி.

டென்மார்க்கில் நான்காம் கிறிஸ்தியான் ஆட்சி.

இருவருக்கும் ஒப்பந்தம் ஏற்பட்டது.

நாயக்கர் எழுதிய கடிதம் தங்கத் தகட்டில் இருந்தது.

அந்தத் தகடு இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது.

வியாபாரம்தான் நோக்கம், முக்கியமாக மிளகு.

225 வருடம் கழித்து, 1845-ல், டேனிஷ்காரர்கள் இந்த ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள்.

வீட்டை விற்பது போல ஊரை விற்றார்கள்.

ஊரில் இருந்தவர்களை யாரும் கேட்கவில்லை.

(நிறுத்தம்.)

இனி உங்கள் ஆளைப் பற்றி.

1706. ஜூலை 9.

இந்தக் கடலில் ஒரு கப்பல் நங்கூரம் போட்டது.

அன்று இங்கே துறைமுகம் கிடையாது.

பெரிய கப்பல் கரைக்கு வர முடியாது.

அலையைத் தாண்டிச் சிறு படகில்தான் இறங்க வேண்டும்.

அப்படி இறங்கியவர்களில் இரண்டு ஜெர்மானியர்கள்.

ஒருவர் சீகன்பால்க்.

இன்னொருவர் புளூட்சாவ்.

கிறிஸ்தவ மதத்தைப் பரப்ப இவர்களை அனுப்பியது டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக்.

இருவரும் படித்தது ஹாலேயில்.

மறுநாள் சீகன்பால்குக்கு இருபத்து நான்கு வயது.

பிறந்தநாளுக்கு அவருக்குக் கிடைத்தது ஒரு புதிய ஊரும், ஒரு வார்த்தைகூடப் புரியாத மொழியும்.

(இந்த வரி நீளம். ‘புதிய ஊரும்’ என்ற இடத்தில் நிறுத்தி உங்களுக்கு வழிவிடுகிறேன்.)

இங்கே மீனவர்கள் படகில் ஏறிப் போவதைப் பார்த்தீர்களா?

முன்பு மரக்கட்டைகளைக் கயிற்றால் கட்டி மிதக்கவிடுவார்கள்.

அதன் பெயர் கட்டுமரம்.

(இதை மொழிபெயர்க்காதீர்கள். நிறுத்தம். அவர்களாகவே தலையாட்டுவார்கள். அந்தச் சொல் ஜெர்மனுக்கு எங்களிடமிருந்து போனதுதான். முகங்களைப் பாருங்கள், யார் முதலில் கண்டுபிடிக்கிறார்கள் என்று.)

சீகன்பால்க் முதலில் போர்ச்சுகீசிய மொழி கற்றார்.

அன்று இந்தக் கரையில் வெள்ளைக்காரருடன் பேச அதுதான் பொது மொழி.

ஆனால் ஊர் பேசுவது தமிழ்.

ஆகவே ஒரு வாத்தியாரைத் தேடிப் பிடித்தார்.

வாத்தியார் தம் பள்ளிக்கூடத்தையே அவர் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தார்கள்.

முன்னால் மணல்.

மணலில் விரலால் எழுத்து.

ஜெர்மானியரும் அவர்களோடு தரையில் உட்கார்ந்து எழுதினார்.

(நிறுத்தம். நான் குனிந்து மணலில் ‘அ’ எழுதுவேன். கேமரா வைத்திருப்பவர்கள் கிட்டே வர நேரம் கொடுங்கள்.)

இது ‘அ’.

எங்கள் முதல் எழுத்து.

இப்படி மேலே தொடங்கி, சுழித்து, கீழே இறங்கி, கடைசியில் ஒரு நேர்கோடு.

குழந்தைகளுக்கு அந்தச் சுழி வருவதற்கே ஒரு வாரம் ஆகும்.

என் பேத்திக்குப் பத்து நாள் ஆயிற்று.

யாராவது எழுதிப் பார்க்கிறீர்களா?

(நிறுத்தம். இரண்டு பேர் வந்தால் போதும். சுழி கோணலாக வந்தாலும் ‘சரி’ என்று சொல்வேன். அதை மட்டும் நீங்கள் மொழிபெயர்க்க வேண்டாம்.)

மணலுக்கு அடுத்தது ஓலை.

(பையிலிருந்து பனையோலையை எடுத்துக் கொடுப்பேன். கைக்குக் கை போகட்டும். ‘ஓலை’ என்ற சொல்லை அப்படியே வையுங்கள், பிறகு விளக்குங்கள்.)

பனைமரத்து இலை.

எழுத்தாணியால் கீறுவார்கள்.

பிறகு கரி தேய்ப்பார்கள்.

கீறிய இடத்தில் கறுப்பு தங்கும்.

எழுத்தின் மேல் புள்ளி வைக்க மாட்டார்கள்.

வைத்தால் ஓலை ஓட்டையாகிவிடும்.

அதனால் படிப்பவர்தான் புள்ளியை மனத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

சீகன்பால்க் அப்படிப்பட்ட ஓலைகளைச் சேர்த்தார், படித்தார், பட்டியல் போட்டார்.

ஹாலேயில் உங்கள் நூலகத்தில் இன்றும் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன.

நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

நான் பார்த்ததில்லை.

(நிறுத்தம். இதற்கு மேல் நான் எதுவும் சொல்ல மாட்டேன்.)

இப்போது இன்னொருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஜெர்மன் கடிதங்களில் அவர் பெயர் ‘அலெப்பா’.

அழகப்பன் என்பதுதான் அப்படி ஆகியிருக்கிறது என்கிறார்கள்.



டேனிஷ் கம்பெனியில் துபாஷியாக இருந்தவர்.

துபாஷி என்றால் இரண்டு மொழி தெரிந்தவர்.

அவருக்கோ பல மொழிகள்.

தமிழ், போர்ச்சுகீசியம், டேனிஷ், டச்சு, ஜெர்மன்.

சீகன்பால்க் அவரை வேலைக்கு வைத்துக்கொண்டார்.

தினமும் பல மணி நேரம் இருவரும் பேசினார்கள்.

தமிழ் படித்த ஜெர்மானியரின் பெயர் உலகத்துக்குத் தெரியும்.

படிக்க வைத்த அழகப்பனைக் கேட்டால் பலருக்குத் தெரியாது.

கோட்டைக்காரர்களுக்கு அவர் செய்த வேலை பிடிக்கவில்லை.

அவரை ஊரை விட்டே அனுப்பிவிட்டார்கள்.

சீகன்பால்க்கும் தப்பவில்லை.

அவரை இந்தக் கோட்டைக்குள் நான்கு மாதம் அடைத்து வைத்தார்கள்.

பிறகு உள்ளே போகும்போது அந்தப் பக்கம் பார்க்கலாம்.

(நிறுத்தம்.)

அச்சுக்கூடத்தின் கதை சிரிப்பும் வருத்தமும் கலந்தது.

லண்டனிலிருந்து ஓர் அச்சு இயந்திரத்தை அனுப்பினார்கள்.

வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்துக்கொண்டார்கள்.

பிரேசிலில், ரியோ துறைமுகத்தில்.

பணம் கொடுத்து மீட்டார்கள்.

அச்சடிக்க வந்தவர் வழியிலேயே இறந்துபோனார்.

இயந்திரம் மட்டும் வந்து சேர்ந்தது.

1713-ல் தமிழ் எழுத்துகளும் வந்தன.

வார்த்தது ஹாலேயில்.

உங்கள் ஊர் எழுத்து அழகாகத்தான் இருந்தது.

ஆனால் ரொம்பப் பெரியது.

அந்த அளவில் அச்சடித்தால் தாள் எங்கே போதும்?

ஆகவே இங்கேயே சின்னதாக வார்த்தார்கள்.

அதற்கு ஈயம் வேண்டும்.

பாலாடைக் கட்டி வந்த ஈய உறைகளை உருக்கினார்கள் என்று சொல்வார்கள்.

(இந்த இடத்தில் கட்டாயம் சிரிப்பு வரும். அலைகூடக் கேட்காது.)

பொறையாரில் தாள் ஆலையும் தொடங்கினார்கள்.

பொறையார் இங்கிருந்து பக்கம்தான்.

தமிழில் புதிய ஏற்பாடு 1715-க்குள் அச்சாகி முடிந்தது.

ஒரே ஒரு விஷயம் சொல்லி முடிக்கிறேன்.

1713-ல் சீகன்பால்க் ஒரு புத்தகம் எழுதினார்.

எங்கள் தெய்வங்களைப் பற்றி.

யார் யாருக்கு எந்தக் கோயில், எந்தப் பெயர், எந்தக் கதை என்று.

இங்கே இருந்தவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதினார்.

ஹாலேக்கு அனுப்பினார்.

ஹாலேயில் அச்சிட மறுத்துவிட்டார்கள்.

நீங்கள் போனது அதற்காக இல்லை என்றார்கள்.

(நிறுத்தம். நீளமாக இருக்கட்டும். இது அவர்கள் ஊரைப் பற்றியது. முகத்தில் எதையும் காட்ட வேண்டாம்.)

154 வருடம் கழித்து அது சென்னையில் அச்சானது.

1867-ல்.

சீகன்பால்க் அதைப் பார்க்கவில்லை.

1719-லேயே இறந்துவிட்டார்.

வயது முப்பத்தாறு.

அவர் கட்டிய கோயிலிலேயே அடக்கம் செய்தார்கள்.

புதிய எருசலேம் ஆலயம்.

1718-ல் கட்டி முடித்தது.

முதலில் அங்கேதான் போகிறோம்.

ராஜ வீதி வழியாக நடந்தால் ஐந்து நிமிடம்.

தெருவில் மாடுகள் இருக்கும், அவற்றுக்கு வழிவிடுங்கள்.

கோயிலுக்குள் போகும்போது செருப்பைக் கழற்றச் சொல்லலாம். உள்ளே இருப்பவரிடம் கேட்டுக்கொள்வோம்.

பிறகு நகர வாயில், அதன் பிறகு காலை உணவு.

இட்லியும் உண்டு, ரொட்டியும் உண்டு.

ஒரு வாக்கியம் பாக்கியிருக்கிறது.

இவரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னால் முடிந்ததைவிட அதிகம் பேசியவர் இவர்தான்.

தொண்டை வறண்டிருக்கும், இவருக்குத் தண்ணீர் கொடுங்கள்.

(இதைச் சொல்ல நீங்கள் கூச்சப்படுவீர்கள். ‘அம்மா, இதையும் மொழிபெயருங்கள்’ என்பேன். அப்போதும் மறுத்தால் நான் பாட்டிலைத் தூக்கிக் காட்டிவிட்டு நடக்கத் தொடங்கிவிடுவேன்.)