பொருள்: இரண்டாம் மெய்ப்பு அமர்வுகளுக்கு ஜூன் 8 முதல் 26 வரை எனக்கு இயலும் நேரங்கள்

ஜூன் 3, 2026, புதன்கிழமை

மதிப்பிற்குரிய பதிப்பாசிரியர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். வானியல் நூலின் இரண்டாம் மெய்ப்பைச் சேர்ந்து அமர்ந்து பார்க்க எனக்கு எந்த நாள்கள் வசதிப்படும் என்று கேட்டுத் தாங்கள் நேற்று அனுப்பிய கடிதம் கிடைத்தது. மொத்தம் பன்னிரண்டு மணி நேரம் தேவைப்படும் என்றும், ஜூன் 26, வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கோப்பு போயாக வேண்டும் என்றும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தையும் என்னால் தர முடியும். ஆனால் தாங்கள் விரும்பிய செவ்வாய்க்கிழமைகளில் முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதை ஒட்டியே அமைகிறது.

செவ்வாய், வியாழன் ஆகிய இரு நாள்களும் ஜூன் மாதம் முழுவதும் எனக்கு வேறு பணிக்கு ஒதுக்கப்பட்டவை. அவை ஏற்கெனவே வாக்குக் கொடுத்துவிட்ட நாள்கள் என்பதால் காலையிலோ மாலையிலோ ஒரு மணி நேரம்கூட அவற்றிலிருந்து எடுத்துத் தர இயலாது. என்ன பணி என்று தெரிந்தால் தாங்களே பேசி நாளை மாற்றித் தரப் பார்ப்பதாக எழுதியிருந்தீர்கள். அந்த அக்கறைக்கு நன்றி. விவரம் சொன்னாலும் நாள் நகரப்போவதில்லை என்பதால் அதை இங்கே விரிக்கவில்லை. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இவை தவிர ஜூன் 17, புதன்கிழமை நாள் முழுவதும் நான் பணியில் இருக்க மாட்டேன். அன்று கைப்பேசியும் அணைக்கப்பட்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அமர்வுகளுக்கு ஒப்புக்கொள்வதில்லை.

இனி இயலும் நேரங்கள். திங்கள் ஜூன் 8, புதன் ஜூன் 10, திங்கள் ஜூன் 15 ஆகிய மூன்று நாள்களிலும் காலை 9.30 முதல் பகல் 12.30 வரை தடையின்றி அமர முடியும். அந்த நாள்களில் பகல் ஒரு மணிக்கு எனக்கு வேறொரு பொறுப்பு இருப்பதால் 12.30 என்பதைச் சற்றே நீட்டிக்கொள்ளக்கூடிய எல்லையாகக் கருதாமல், உண்மையிலேயே முடியும் நேரமாக எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளி ஜூன் 12, வெள்ளி ஜூன் 19 ஆகிய இரு நாள்களிலும் பிற்பகல் 3 முதல் மாலை 6 வரை அமர முடியும்; இந்த இரண்டில் மட்டும், பேச்சு பாதியில் நிற்கும் நிலை வந்தால், 6.30 வரை இருக்கத் தயங்க மாட்டேன். திங்கள் ஜூன் 22 காலையும் காலியாகத்தான் தெரிகிறது, ஆனால் அது ஜூன் 16ஆம் தேதிக்குப் பிறகே உறுதியாகும் என்பதால் தயவுசெய்து இப்போது கணக்கில் சேர்க்க வேண்டாம்.

நூலாசிரியரும் காணொளி வழியாகக் கலந்துகொள்ள வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் இருக்கும் நகரின் கடிகாரம் இப்போது நமக்கு நான்கரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. எனவே நமக்குக் காலை 9.30 என்றால் அவருக்கு அதிகாலை 5 மணி. அந்த நேரத்துக்கு அவரை எழுப்புவதை யாரும் விரும்ப மாட்டோம். வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணி அவருக்குக் காலை 10.30 ஆகிறது, அமர்வு முடியும் 6 மணி அவருக்குப் பிற்பகல் 1.30 ஆகிறது. ஆகவே அவர் இல்லாமல் நடக்கக்கூடிய வேலையைக் காலை அமர்வுகளிலும், அவரிடம் கேட்டே தீர்க்க வேண்டிய ஐயங்களை வெள்ளிக்கிழமைகளிலும் வைத்துக்கொள்வது இருவருக்கும் பொருந்தும் என்று கருதுகிறேன். முதல் மெய்ப்பின்போது, குளிர்காலத்தில், இந்த வித்தியாசம் ஐந்தரை மணி நேரமாக இருந்தது. அங்கே கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைப்பதால் இப்போது குறைந்திருக்கிறது. பழைய அழைப்பிலிருந்த நேரத்தை அப்படியே நகலெடுத்து அனுப்பினால் ஒருவர் ஒரு மணி நேரம் காத்திருக்க நேரும். அழைப்பில் இரு ஊர்களின் நேரத்தையும் எழுதிவிட்டால் குழப்பம் வராது.

அமர்வு ஒவ்வொன்றையும் மூன்று மணி நேரத்துக்கு மேல் போகாமல் வைத்திருக்கிறேன். பன்னிரண்டு மணி நேரத்தை ஆறு ஆறாகப் பிரித்து இரண்டே நாளில் முடித்துவிடலாமே என்று தாங்கள் கேட்டிருந்தீர்கள்; நாள்களைக் கூட்டிப் பார்த்தால் அது எளிதாகத் தோன்றும், ஆனால் மெய்ப்பு அப்படிப் படிவதில்லை. சென்ற முறை ஐந்து மணி நேரம் தொடர்ந்து உட்கார்ந்த நாளில், கோள்களின் துணைக்கோள்கள் பற்றிய அட்டவணையில் நிலவின் சராசரித் தொலைவு 3,84,400 கிலோமீட்டர் என்று இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சுழியம் விழுந்துபோய் 38,440 என்று நின்றிருந்ததை நாம் இருவருமே தாண்டிப் போனோம். மறுநாள் காலையில் வேறு ஒரு வரியைத் தேடும்போதுதான் அது என் கண்ணில் பட்டது. களைத்த கண் சொல்லைப் படித்துவிடும், எண்ணைப் படிக்காது. இந்த நூலில் ஏறக்குறைய எல்லா இயலிலும் எண்கள் நிறைந்திருப்பதால் இந்த வரம்பை நான் தளர்த்த விரும்பவில்லை. நடுவில் பத்து நிமிட இடைவேளை இருக்கட்டும். அதையும் மூன்று மணி நேரத்துக்குள்ளேயே கணக்கிட்டிருக்கிறேன்.

நூல் 304 பக்கம், பதினாறு பக்கப் பாரமாக எண்ணினால் பத்தொன்பது பாரம். முதல் மெய்ப்பில் திருத்தியவை ஏறியிருக்கின்றனவா, ஏற்றியபோது புதிய பிழை நுழைந்திருக்கிறதா என்று பார்ப்பதே இப்போதைய வேலை என்பதால், மணிக்கு இருபத்தைந்து பக்கம் என்ற வேகம் நமக்குக் கட்டுப்படும். இயல்கள் ஒன்று முதல் நான்கு வரை ஜூன் 8ஆம் தேதியும், ஐந்து முதல் எட்டு வரை ஜூன் 10ஆம் தேதியும் பார்த்துவிடலாம். ஜூன் 12 அன்று அதுவரை சேர்ந்த ஐயங்களை நூலாசிரியரிடம் கேட்டுத் தீர்த்துவிட்டு, மீதி நேரத்தில் ஒன்பதாம் இயலைத் தொடங்கலாம். எஞ்சிய இயல்களும் பின்னிணைப்பும் ஜூன் 19 அன்று அவர் முன்னிலையிலேயே முடியும். இந்த நான்கு அமர்வுகளும் சேர்ந்தால் தாங்கள் கேட்ட பன்னிரண்டு மணி நேரம் ஆகிறது.

ஜூன் 15ஆம் தேதிக் காலையை இந்தக் கணக்கில் சேர்க்காமல் தனியாக வைத்திருக்கிறேன். வேகம் குறைந்தாலோ, யாருக்கேனும் ஒரு நாள் வர முடியாமல் போனாலோ அது கைகொடுக்கும். ஜூன் 12, வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்குள் அது வேண்டும் என்று தாங்கள் சொல்லாவிட்டால், அந்த நேரத்தை வேறு பணிக்குக் கொடுத்துவிடுவேன். இதை முன்கூட்டியே சொல்வதற்குக் காரணம், பிறகு ஞாயிறு இரவில் அதைப் பற்றிப் பேச நேரக்கூடாது என்பதுதான்.

சொல்லடைவு பற்றியும் ஒரு வார்த்தை. அதை இந்த அமர்வுகளில் பார்க்க இயலாது, பார்த்தாலும் பயனில்லை. ஒரே ஒரு பத்தி அடுத்த பக்கத்துக்கு நகர்ந்தால்கூட அதில் வரும் சொற்களின் பக்க எண்கள் எல்லாம் மாறிவிடும். ஆகவே பக்கங்கள் உறைந்த பிறகே அது என்னிடம் வர வேண்டும். பக்க வடிவமைப்பாளர் இறுதிப் பக்கங்களையும் சொல்லடைவையும் ஜூன் 22, திங்கள் மாலை 5 மணிக்குள் அனுப்பிவிட்டால், நான் ஜூன் 24, புதன்கிழமை தனியாக அமர்ந்து சரிபார்த்து, அன்று மாலை 6 மணிக்குள் தங்களிடம் சேர்த்துவிடுவேன். இடையில் வரும் செவ்வாய்க்கிழமையன்று என்னால் கோப்பைத் திறக்க முடியாது. எனவே திங்கள் மாலைக்குப் பதிலாகச் செவ்வாய்க் காலையில் வந்தாலும் பரவாயில்லை என்பது உண்மைதான், ஆனால் புதன் காலை 9 மணிக்குப் பின்னர் வந்தால் அன்று முடிப்பேன் என்று உறுதி சொல்ல இயலாது. வியாழன் எனக்கு இல்லை என்பதால் அந்தத் தாமதம் நேராக வெள்ளிக்கிழமையில் வந்து விழும்; அன்றுதான் கோப்பு அச்சகத்துக்குப் போகிறது.

அமர்வுகளுக்கு வெளியே என்னிடம் ஏதாவது கேட்க வேண்டியிருந்தால் மின்னஞ்சலே வசதி. பணி நாள்களில் காலை 9 மணிக்கும் மாலை 5 மணிக்கும் பார்ப்பேன். செவ்வாய், வியாழனில் மாலையில் மட்டும் பார்ப்பேன். அமர்வு நாளன்று இணைப்பில் சிக்கல், அமர்வைத் தள்ளி வைக்க வேண்டிய நிலை போன்றவற்றுக்கு மட்டும் கைப்பேசியில் அழையுங்கள். மாலை 7 மணிக்குப் பிறகு நான் அழைப்புகளை எடுப்பதில்லை. அதன் பின் வரும் செய்திகளை மறுநாள் காலையில் பார்த்துப் பதில் எழுதுவேன். ஓர் அமர்வை மாற்ற வேண்டியிருந்தால் முந்தைய நாள் நண்பகலுக்குள் தெரிவித்துவிட்டால், மேலே சொன்ன நேரங்களுக்குள்ளேயே வேறு ஒன்றைத் தேடிப் பார்க்கலாம். நான் மாற்ற நேர்ந்தாலும் அதே நேரத்துக்குள் தங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

இந்த நேரங்கள் அனைத்தையும் ஜூன் 5, வெள்ளிக்கிழமை மாலை 5 மணி வரை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன். நான்கு அமர்வுகளும் இப்படியே அமையலாம் என்றால் ‘சரி’ என்று ஒரு வரி போதும். மாற்றம் வேண்டுமானால் எந்த அமர்வு, எந்த நாளுக்கு என்பதை மட்டும் குறிப்பிடுங்கள். நூலாசிரியருக்கு அழைப்பு அனுப்பும் பொறுப்பைத் தாங்களே ஏற்பதாக எழுதியிருந்ததால் அவருக்கு நான் தனியாக எழுதவில்லை. முதல் நான்கு இயல்களின் இரண்டாம் மெய்ப்பு ஜூன் 6, சனிக்கிழமைக்குள் கைக்கு வந்தால், திங்களன்று உட்காரும்போது முதல் மெய்ப்பையும் பக்கத்தில் வைத்து நேரே தொடங்கிவிடலாம்.

நன்றியுடன்,
தங்கள் மெய்ப்புத் திருத்துநர்