ஆண்கள் மருத்துவ வார்டில் விழுந்த நோயாளிகள்: ரன் சார்ட் விளக்கம்

மேடம், வணக்கம்.

ஜூலையில் புள்ளி மேலே ஏறியிருக்கிறதே என்று ரவுண்ட்ஸில் கேட்டீர்கள். அத்தனை பேர் நடுவில் நின்றபடி சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

சார்ட்டில் இருப்பது வெறும் எண்ணிக்கை இல்லை, ஆயிரம் நோயாளி நாளுக்கு எத்தனை பேர் விழுந்தார்கள் என்ற கணக்கு. போன அக்டோபரில் காய்ச்சல் கேஸ் குவிந்து வராண்டா வரை கட்டில் போட்டோமே, அந்த மாதம் 1,150 நோயாளி நாளுக்கு 4 பேர், கணக்கு 3.5. அதே வருஷம் பிப்ரவரியில் 3 பேர்தான், ஆனால் 780 நாளுக்கு, அதனால் 3.8. தலையை மட்டும் எண்ணியிருந்தால் அக்டோபர் ஸ்டாஃப்தான் திட்டு வாங்கியிருப்பார்கள்.

நடுவில் போகும் கோடு போன வருஷத்து 12 மாதங்களின் மீடியன், 3.2. இந்த ஜனவரியிலிருந்து இரவு 10, 2, 5 மணிக்கு நாமே கட்டில் கட்டிலாகப் போய் பாத்ரூம் போகணுமா என்று கேட்கிறோம். ஜூன் வரை ஆறு புள்ளியும் கோட்டுக்குக் கீழேதான். தொடர்ந்து ஆறு புள்ளி ஒரே பக்கம் நின்றால் அது தற்செயல் இல்லை, ஏதோ மாறியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஸ்டாஃப் எழுதாமல் விட்டதால் குறைந்ததோ என்று எனக்கும் சந்தேகம் வந்து, இன்சிடென்ட் ஃபார்மையும் நைட் ரிப்போர்ட் புக்கையும் ஒத்துப் பார்த்தேன், விடுபட்டது எதுவும் இல்லை.

ஜூலையின் 3.4 ஒற்றைப் புள்ளி. அதை வைத்து மறுபடி பழைய நிலைக்கே போய்விட்டோம் என்று சொல்ல முடியாது. ஆனால் விழுந்த மூன்று பேரில் இரண்டு பேர் காலை 5 மணிக்கு மேல், பாத்ரூம் வாசற்படியில் விழுந்திருக்கிறார்கள். ஹவுஸ்கீப்பிங் நேரம் அந்த மாதம்தான் மாறியது, இப்போது 5 மணிக்கே தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறார்கள். நாம் எழுப்பி அனுப்புகிற அதே நேரம்! குடியாத்தம் தாத்தா வெறுங்காலோடு போய் வழுக்கினார். இன்னொருவர் கொல்கத்தாவிலிருந்து வந்தவர், தரை ஈரம் என்று அட்டெண்டர் தமிழில் கத்தியது அவருக்குப் புரியவில்லை.

அதனால் இரண்டு விஷயம் வேண்டும். கழுவுவதை 7 மணிக்கு மேல் வைக்கச் சொல்லுங்கள், நான் சொன்னால் அவர்கள் சூப்பர்வைசர் கேட்பதில்லை. அப்புறம், ஜூலையைச் சேர்த்து மீடியனைத் திரும்பப் போட வேண்டாம், பழைய கோட்டையே வைத்தால்தான் அடுத்த மாதங்களை அதோடு ஒப்பிட முடியும். நேரம் மாறும் தேதியை நான் சார்ட்டிலேயே குறித்துவிடுகிறேன்.

சார்ட்டை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதானால் ஷிஃப்ட் பெயர் போடாமல் ஒட்டலாம் மேடம். பெயர் போட்டால் அடுத்த மாதம் ஃபார்மே வராது.

வார்டு ஸ்டாஃப் நர்ஸ்