ஆன்டாசிட், மலமிளக்கி கேட்டு வருபவரிடம் என்ன கேட்பது, எப்போது டாக்டரிடம் அனுப்புவது

எல்லோருக்கும் வணக்கம். நெஞ்செரிச்சலும் மலச்சிக்கலும் பெரும்பாலும் சீட்டு இல்லாமல்தான் கவுண்டருக்கு வருகின்றன. அதனால் கோளாறைக் கண்டுபிடித்து அனுப்பும் வாய்ப்பு பல நேரம் நமக்கு மட்டுமே கிடைக்கிறது. பாட்டிலை எடுக்கும் முன் நாலு கேள்வி கேளுங்கள்: யாருக்கு? எத்தனை நாளாக? வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறார்? இதற்கு முன் என்ன எடுத்துப் பார்த்தார்?

"கேஸ் மாதிரி நெஞ்சை அடைக்குதுங்க, ஒரு சிரப் கொடுங்க" என்று ஒருவர் வந்தால் முகத்தைப் பாருங்கள். வியர்த்திருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா, வலி கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுகிறதா? இருந்தால் உட்கார வைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். "முதலில் சிரப் கொடுத்துப் பார்ப்போம்" என்பது கூடவே கூடாது. ஆன்டாசிட்டில் வலி குறைந்தாலும் அது மாரடைப்பு இல்லை என்று ஆகிவிடாது. சர்க்கரை நோயாளிகளுக்கும் வயதானவர்களுக்கும் மாரடைப்பே வெறும் அஜீரணம் போலத் தோன்றலாம்.

விழுங்கும்போது உணவு சிக்குவது, காரணமில்லாமல் எடை குறைவது, விடாத வாந்தி, சோகை, 55 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய தொந்தரவு, இரண்டு வாரம் மருந்து எடுத்தும் தீராதது: இவற்றில் எது இருந்தாலும் டாக்டரிடம்தான். இரத்த வாந்தி, காப்பித்தூள் போன்ற வாந்தி, தார் போலக் கறுத்துப் பிசுபிசுக்கும் மலம் என்றால் உடனே அவசரப் பிரிவுக்கு. இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், அதையும் கேளுங்கள்; ஆனால் "அதனால்தான்" என்று நீங்களே முடிவு கட்டி அனுப்பிவிடாதீர்கள். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளைப் பற்றிப் பேர் சொல்லிக் கேளுங்கள். பலர் அவற்றை மருந்தாகவே கணக்கில் வைப்பதில்லை. இதயத்துக்காக டாக்டர் எழுதிய ஆஸ்பிரினை மட்டும் நாமாக நிறுத்தச் சொல்லக்கூடாது.

இனி ஆன்டாசிட். மெக்னீசியம் பேதியாக்கும், அலுமினியம் மலத்தை இறுக்கும். அதனால்தான் இரண்டையும் சேர்த்தே தயாரிக்கிறார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு இரண்டுமே உடலில் தேங்கும். டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். சோடியம் பைகார்பனேட் உள்ள பொடிகளில் சோடியம் அதிகம், இரத்த அழுத்தமும் இதய பலவீனமும் உள்ளவர்களுக்கு ஆகாது. வெறும் வயிற்றில் குடித்தால் ஆன்டாசிட் அரை மணி நேரம் போலத்தான் நிற்கும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்தும் படுக்கும் முன்பும் எடுத்தால் கூடுதல் நேரம் வேலை செய்யும். பாட்டிலைக் குலுக்கச் சொல்லுங்கள், மாத்திரையை மென்று விழுங்கச் சொல்லுங்கள். தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். டாக்ஸிசைக்ளின், இரும்புச்சத்து ஆகியவற்றுக்குக் குறைந்தது இரண்டு, மூன்று மணி நேரம். சிப்ரோஃப்ளாக்சசினை ஆன்டாசிட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்பே போட்டுவிட வேண்டும். இல்லையென்றால் ஆன்டாசிட்டோடு ஒட்டிக்கொண்டு உடலில் சேராமலே வெளியேறும், நோய்த்தொற்றும் தீராது.

மலமிளக்கிக்கு வருவோம். கடும் வயிற்று வலி, உப்பிய வயிறு, வாந்தி, காற்றுகூடப் பிரியாத நிலை என்றால் குடல் அடைப்பாக இருக்கலாம். இங்கே பிசாகோடில் கொடுப்பது ஆபத்து; நேரே மருத்துவமனைக்கு. மலத்தில் இரத்தம், எடை குறைவு, வாரக்கணக்கில் மாறிப்போன மலப்பழக்கம், மலச்சிக்கலும் பேதியும் மாறி மாறி வருவது ஆகியவற்றுக்கும் மருந்து கொடுத்து அனுப்பாதீர்கள். படுத்த படுக்கையான முதியவருக்கு "பேதி" என்று மருந்து கேட்டால் கூடுதல் கவனம் வேண்டும். இறுகிய மலத்தைச் சுற்றிக் கசியும் நீராகவும் அது இருக்கும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நாமாகத் தேர்வு செய்ய வேண்டாம்.

எந்த மருந்தால் சிக்கல் வந்தது என்று தேடுங்கள்: கோடீன், ட்ரமடால், அமிட்ரிப்டிலின், இரும்புச்சத்து, கால்சியம். நேற்று நாம் விற்ற அலுமினியம் சிரப்பாகவும் இருக்கலாம்.

இசப்கோல் கொடுத்தால் ஒரு முழு டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடிக்கவும், படுக்கும் நேரத்தில் வேண்டாம் என்றும் சொல்லுங்கள். தண்ணீர் குறைந்தால் தொண்டையிலேயே உப்பி அடைக்கும். விழுங்கச் சிரமப்படுபவருக்குக் கொடுக்கவே கூடாது. இதற்கும் லாக்டுலோஸுக்கும் இரண்டு, மூன்று நாள் ஆகும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் மறுநாளே அளவைக் கூட்டிக்கொள்வார்கள். பிசாகோடில் 5 மி.கி. மாத்திரையை இரவில் உடைக்காமல் விழுங்க வேண்டும். காலையில் வேலை செய்யும். பாலோடும் ஆன்டாசிட்டோடும் சேர்த்தால் மேலுறை இரைப்பையிலேயே கரைந்து வயிறு முறுக்கும். ஒரு மணி நேரம் தள்ளி எடுக்கச் சொல்லுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் தேவைப்பட்டால் டாக்டரைப் பார்க்கட்டும்.

அனுப்பும்போது "டாக்டரைப் பாருங்க" என்று மட்டும் சொன்னால் பலர் போவதில்லை. "மலம் கறுப்பா போகுதுன்னு சொல்றீங்க, வலி மாத்திரையும் சாப்பிடுறீங்க. உள்ளே இரத்தம் கசியுதான்னு இப்பவே பார்க்கணும்" என்று காரணத்தைச் சொல்லுங்கள். அறிகுறி, எத்தனை நாள், சாப்பிடும் மாத்திரைகளின் பெயர் மூன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கையில் கொடுங்கள்.