தீர்ப்பின் மீதான மறுஆய்வு மனு

நீலகிரி மாவட்டம், மாண்பமை மாவட்ட உரிமையியல் நீதிமன்றத்தின் முன்

அசல் வழக்கு எண் 214/2018-இல் மறுஆய்வு மனு
(உரிமையியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 114 மற்றும் கட்டளை 47 விதி 1-இன் கீழ்)

ஹெ. போஜன், சிறு தேயிலை விவசாயி, கோத்தகிரி வட்டம் — மனுதாரர் / வாதி

எதிராக

ஆர். கந்தசாமி, பசுந்தேயிலை கொள்முதல் செய்யும் தொழிற்சாலையின் உரிமையாளர், குன்னூர் வட்டம் — எதிர்மனுதாரர் / பிரதிவாதி

மனுதாரர் பணிவுடன் சமர்ப்பிப்பதாவது:

1. மனுதாரர் 08.06.2015 முதல் 30.09.2015 வரை எதிர்மனுதாரரின் தொழிற்சாலைக்கு 9,600 கிலோ பசுந்தேயிலை கொடுத்தார். கிலோ 10 ரூபாய் வீதம் விலை 96,000 ரூபாய். அதில் 30,000 ரூபாய் வரவு போக, நிலுவை 66,000 ரூபாயைக் கோரியே அசல் வழக்கு தொடரப்பட்டது.

2. இம்மன்றம் 16.06.2023 அன்று தீர்ப்பளித்தது. இலை கொடுக்கப்பட்டது மெய் என்று முதல் எழுவினாவிலும், 66,000 ரூபாய் நிலுவை உள்ளது என்று இரண்டாம் எழுவினாவிலும் மனுதாரருக்குச் சாதகமாகவே முடிவு காணப்பட்டது. காலவரையறை குறித்த மூன்றாம் எழுவினா மட்டும் எதிராக முடிவு செய்யப்பட்டு, அந்த ஒரே காரணத்தால் வழக்கு தள்ளுபடியானது.

3. மறுஆய்வு கோரப்படும் பிழை ஒன்றே ஒன்றுதான். தீர்ப்பின் 12-ஆம் பத்தி, "வழக்கு 12.11.2018 அன்று தாக்கல் செய்யப்பட்டுள்ளது. கடைசியாக இலை கொடுத்த நாளிலிருந்து கணக்கிட்டாலும் மூன்றாண்டுகள் 30.09.2018 அன்றே முடிந்துவிட்டன" என்கிறது. ஆனால் 12.11.2018 என்பது வழக்குக்கு எண் இடப்பட்ட நாள். வழக்குரை உரிய நீதிமன்றக் கட்டணம் முழுவதும் செலுத்தி முன்வைக்கப்பட்டது 12.04.2018 அன்று. வழக்குரையின் முதல் பக்கத்தில் உள்ள நீதிமன்ற முத்திரையில் இந்த நாளே உள்ளது. தீர்ப்பின் முகப்பிலும் "வழக்குரை முன்வைக்கப்பட்ட நாள்" என்ற இடத்தில் 12.04.2018 என்றே எழுதப்பட்டுள்ளது. ஆக, தீர்ப்பின் முகப்பும் 12-ஆம் பத்தியும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. இதைக் காணச் சாட்சியத்தை மீண்டும் எடைபோட வேண்டியதில்லை. இரண்டு பக்கங்களையும் அருகருகே வைத்துப் படித்தால் போதும்.

4. காலவரையறைச் சட்டம், 1963-இன் பிரிவு 3(2), சாதாரண நேர்வில் வழக்குரை உரிய அலுவலரிடம் முன்வைக்கப்படும்போதே வழக்கு தொடரப்பட்டதாகக் கொள்கிறது. எண் இடுவது நீதிமன்ற அலுவலகத்தின் வேலை. அது எந்த நாளில் முடியும் என்பது வழக்காடுபவர் கையில் இல்லை. விற்று ஒப்படைத்த சரக்கின் விலைக்கு அச்சட்டத்தின் அட்டவணை, இனம் 14-இன்படி ஒப்படைத்த நாளிலிருந்து மூன்றாண்டுகள். முதன்முதலில் இலை கொடுத்த 08.06.2015-ஐக் கொண்டு கணக்கிட்டாலும் 12.04.2018 அந்தக் காலத்துக்குள்ளேயே வருகிறது. எனவே கோரிக்கையில் ஒரு ரூபாய்கூடக் காலங்கடந்தது அல்ல.

5. மறுஆய்வு என்பது வேறு பெயரில் செய்யப்படும் மேல்முறையீடு ஆகாது என்பதை மனுதாரர் அறிவார். பார்சியன் தேவி எதிர் சுமித்ரி தேவி, (1997) 8 எஸ்சிசி 715 வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த எல்லை அதுவே. நீண்ட வாதம் இல்லாமலே சுட்டிக்காட்டக்கூடிய, கண்ணெதிரே நிற்கும் பிழையே மறுஆய்வுக்கு உரியது என்று துங்கபத்ரா இண்டஸ்ட்ரீஸ் எதிர் ஆந்திரப் பிரதேச அரசு, ஏஐஆர் 1964 எஸ்சி 1372 வழக்கில் கூறப்பட்டது. மேற்சொன்ன பிழை அத்தகையதே. விலை, எடை, சாட்சிகளின் நம்பகத்தன்மை எதையும் மனுதாரர் இங்கே மீண்டும் கிளறவில்லை.

6. இதைப் பிரிவு 152-இன் கீழ் எழுத்துப்பிழையாகத் திருத்தினால் போதாது. தவறான நாளின் மேல்தான் மூன்றாம் எழுவினாவின் முடிவே நிற்கிறது; நாளை மட்டும் மாற்றினால், காரணம் இல்லாத தள்ளுபடி ஒன்று எஞ்சும். நான்கு மாதம் மலைச்சரிவில் பறித்துச் சுமந்து கொடுத்த இலைக்கான விலை உண்டு என்று இம்மன்றமே கண்டறிந்த பின், ஒரு தேதி மாறியதால் அது கிடைக்காமல் போவது மனுதாரருக்குப் பேரிழப்பு.

7. இத்தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு எதுவும் தாக்கல் செய்யப்படவில்லை. காலவரையறைச் சட்ட அட்டவணை, இனம் 124 அனுமதிக்கும் 30 நாட்களுக்குள் இம்மனு தாக்கலாகிறது. தீர்ப்பு, தீர்ப்பாணை ஆகியவற்றின் சான்றிட்ட நகல்கள் இணைக்கப்பட்டுள்ளன.

ஆகவே, எதிர்மனுதாரருக்கு அறிவிப்பு அனுப்பி, இருதரப்பையும் கேட்டு, 16.06.2023 தேதியிட்ட தீர்ப்பையும் தீர்ப்பாணையையும் மூன்றாம் எழுவினா அளவில் மறுஆய்வு செய்து, வழக்கு காலவரையறைக்குள் தொடரப்பட்டது என முடிவு கண்டு, 66,000 ரூபாய்க்கும், பிரிவு 34-இன்படி மன்றம் தகுமெனக் கருதும் வட்டிக்கும், வழக்குச் செலவுக்கும் தீர்ப்பாணை வழங்குமாறு மனுதாரர் வேண்டிக்கொள்கிறார்.

மேலே 1 முதல் 3 வரையும் 7-ஆவதுமான பத்திகளில் உள்ளவை நான் நேரில் அறிந்தும் வழக்கு ஆவணங்களைப் பார்த்தும் உண்மை எனக் கூறுபவை. மற்றவை சட்ட ஆலோசனையின்படி உண்மை என நம்புபவை.

10.07.2023, கோத்தகிரி

(ஒப்பம்) ஹெ. போஜன்
மனுதாரர்