பாப்பாவின் காது பரிசோதனை பற்றி அம்மா, அப்பா இருவருக்கும்

வணக்கம். இன்று காலை வார்டில் பாப்பாவுக்குக் காது பரிசோதனை செய்த ஆடியாலஜிஸ்ட் நான். ரிசல்ட் சொன்னதும் அம்மா அழுதுவிட்டார்கள், அந்த நேரத்தில் நான் சொன்ன எதுவும் மனதில் நின்றிருக்காது. அதனால் எழுதியே அனுப்புகிறேன், நிதானமாகப் படியுங்கள், ஊரில் இருக்கும் பெரியவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

இடது காது பாஸ். வலது காதில் மெஷின் REFER என்று காட்டியது. அதற்கு, இந்தக் காதை இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்பது மட்டும்தான் அர்த்தம். பாப்பாவுக்குக் காது கேட்காது என்று மெஷின் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

காதுக்குள் ஒரு சின்ன ரப்பர் முனை வைத்தேன் இல்லையா, அது டிக் டிக் என்று மெல்லிய சத்தம் அனுப்பும். உள்காதில் இருக்கும் நுண்ணிய செல்கள் அந்தச் சத்தத்துக்குப் பதிலாகத் தாங்களும் மிகச் சிறிய ஒலி ஒன்றை வெளியே அனுப்பும், அதைத்தான் மெஷின் பிடிக்கிறது. வழியில் ஏதாவது அடைத்திருந்தால் உள்காது நன்றாக இருந்தாலும் அந்த ஒலி வெளியே வந்து சேராது. பாப்பா பிறந்து அப்போது 28 மணி நேரம்தான் ஆகியிருந்தது, அதுவும் சிசேரியன். பனிக்குட நீரும், உடம்பில் ஒட்டியிருக்கும் வெள்ளை மாவு போன்ற படிவமும் காதில் தங்கியிருக்கும் நேரம் இது. முதல் இரண்டு நாளில் ரெஃபர் வருவது எங்களுக்கு அன்றாடம் பார்க்கிற விஷயம். அப்படி வந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அடுத்த டெஸ்ட்டில் சரியாகவே வந்துவிடும்.

ஆனால் "ஒன்றுமில்லை, விடுங்கள்" என்று நான் சொல்ல மாட்டேன். ஆயிரம் குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று குழந்தைகள் வரை நிரந்தரமான செவித்திறன் குறைபாட்டோடு பிறக்கிறார்கள். பாப்பா அதில் ஒருத்தியா இல்லையா என்பது இன்றைய டெஸ்ட்டில் தெரியாது. அதனால்தான் மறுபடி வரச் சொல்கிறேன்.

பாட்டி கை தட்டிக் காட்டினார்கள், பாப்பா திடுக்கிட்டாள், நானும் பார்த்தேன். அது நல்ல விஷயம்தான், ஆனால் அதை வைத்து முடிவு செய்ய முடியாது, ஏனென்றால் ஒரு காது கேட்டாலே குழந்தை திடுக்கிடும், தட்டும்போது வருகிற காற்றுக்கும் அசையும். வீட்டில் தட்டு, டம்ளர் தட்டிப் பார்ப்பதெல்லாம் வேண்டாம், அது உங்களுக்குத்தான் பதற்றம்.

அம்மாவுக்கு ஒரு வார்த்தை. கர்ப்பத்தில் என்ன சாப்பிட்டேன், எங்கே போனேன் என்று யோசித்துக்கொண்டு இருக்காதீர்கள். சொந்தத்தில் கல்யாணமா, குடும்பத்தில் யாருக்காவது சின்ன வயதிலிருந்தே காது கேட்காதா என்று நான் கேட்டதும் எல்லா வீட்டாரிடமும் கேட்கிற கேள்விதான், உங்கள் மேல் குறை சொல்வதற்கு அல்ல.

அப்புறம், ரொம்ப முக்கியம்: குளிப்பாட்டும்போது காதில் எண்ணெய் விடுவது, ஊதுவது, பட்ஸ் போட்டுத் துடைப்பது எதுவும் வேண்டாம். உள்ளே இருப்பது தானாகவே வெளியே வந்துவிடும். பெரியவர்களிடம் நான் சொன்னதாகவே சொல்லிவிடுங்கள்.

அடுத்த டெஸ்ட் அடுத்த மாதம் 3-ஆம் தேதி காலை 10 மணிக்கு. இரண்டு காதையும் பார்ப்போம், பாஸான காதையும் சேர்த்து. குழந்தை தூங்கினால்தான் டெஸ்ட் சீக்கிரம் முடியும், அதனால் வீட்டிலேயே பால் கொடுத்துத் தூங்க வைத்துக் கொண்டு வராதீர்கள், வழியில் முழித்துவிடுவாள். இங்கே வந்து பால் கொடுங்கள், அறை இருக்கிறது. அன்று தலைக்கு எண்ணெய், நெற்றியில் மைப்பொட்டு வேண்டாம், ஏனென்றால் தேவைப்பட்டால் நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் சின்ன ஸ்டிக்கர் ஒட்டி, சத்தம் காதிலிருந்து மூளை வரை போகிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட்டின் சுருக்கமான வடிவத்தையும் அன்றே செய்துவிடுவேன். ஊசி இல்லை, வலி இல்லை.

அதிலும் ரெஃபர் வந்தால் பாப்பாவுக்கு மூன்று மாதம் ஆவதற்குள் முழு பெரா எடுத்து, எந்தக் காது, எவ்வளவு குறைவு என்று உறுதி செய்ய வேண்டும். ஒருவேளை குறைபாடு இருப்பது உறுதியானாலும், ஆறு மாத வயதுக்குள் உதவி தொடங்கிய குழந்தைகள் பேச்சில் நன்றாகவே முன்னேறுகிறார்கள், கைக்குழந்தைக்கே காது மெஷின் பொருத்த முடியும். செலவு பற்றி யோசிக்க வேண்டாம், குழந்தைகளின் குறைபாடுகளை ஆரம்பத்திலேயே கண்டு உதவி செய்ய மாவட்ட அரசு மருத்துவமனையில் இருக்கும் டிஇஐசி மையத்துக்கு நானே கடிதம் தருகிறேன்.

பாப்பாவுக்குச் சளி பிடித்திருந்தால் முதல் நாளே போன் செய்யுங்கள், தேதியை மாற்றித் தருகிறேன். அழுகிறாள், வெயில், வண்டி இல்லை என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியும் இன்று கொடுத்த மஞ்சள் சீட்டும் கையோடு கொண்டு வாருங்கள்.